ஹீற்றரில் சூடாக்கிய பற்றரி

கூரைக்கடியில் உள்ள சாமான் அறைகளைக் காலி செய்யச் சொல்லி எங்கள் கட்டட நிர்வாகம் அறிவித்தல் ஒட்டியதால்தான் நான் மேலே ஏறினேன். இல்லையென்றால் அந்தக் கசெற் அங்கேயே கிடந்து உக்கியிருக்கும். கலியாணம் கட்டிப் போகுமுன் எங்கள் இசைக்குழுவின் கிற்றார்காரன் என்னோடு பரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெரு வீட்டில் இருந்தவன். அவன் விட்டுப்போன பெட்டிக்குள் இருந்தது. மேலே அவனுடைய எழுத்தில் ‘பொங்கல்’ என்று மட்டும். ஆண்டு இல்லை. ஆண்டு எழுதாத மனிதர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை. யூரோ வருமுன் பிராங்க் புழங்கிய காலம், பொங்கலை அடுத்த சனிக்கிழமை எங்கள் நிகழ்ச்சியில் பதிந்தது என்பது வரை எனக்கு நிச்சயம்.

அந்தக் கசெற்றால்தான் குழுவிலிருந்து என்னை நிறுத்தினார்கள். நாங்கள் தமிழில் ரொக் வாசித்தவர்கள், நான் ட்ரம்ஸ். நிகழ்ச்சிக்கு மறுவாரம், ஒத்திகைக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவன் கசெற்றைப் போட்டுக் காட்டினான். முதல் பாட்டு சரியாக இருந்தது. போகப்போக வேகம் கூடி, கடைசிப் பாட்டு நாய் துரத்தியது போல ஓடியது. ட்ரம்ஸ்காரன்தானே காலத்தைப் பிடிப்பவன். “உனக்குக் கை நிக்குதில்லை” என்றான். நானும் நம்பினேன். ட்ரம்ஸை விற்றேன். அதற்குப் பிறகு கலியாண வீடுகளில் யாராவது மேசையில் தாளம் போடச் சொன்னாலும் கையை மடியில் வைத்துக்கொள்வேன்.

கசெற் உடனே பாடவில்லை. நாடாவை றெக்கோடரின் வாசிக்கும் தலைக்கு எதிரே அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. ஐந்து திருகாணிகளையும் கழற்றி, ஒரு பழைய பக்திப்பாட்டுக் கசெற்றிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் பொருத்தினேன். பேனையால் சுற்றி நாடாவை இறுக்கி, ஓடவிட்டு, கணினியில் பதிந்தேன்.

பாட்டுகளுக்கு இடையில் ஒரு ரீங்காரம் கேட்டது. கிற்றார் அம்ப்ளிஃபயரின் இரைச்சல். சுவர் மின்சாரத்திலிருந்து வருவது அது; இந்த நாட்டில் செக்கனுக்கு ஐம்பது துடிப்பு, கூடாது, குறையாது. கணினியில் அளந்தேன். முதல் பாட்டுக்கு முன் ஐம்பது. கடைசிப் பாட்டுக்கு முன் ஐம்பத்திமூன்று.

நான் எவ்வளவு வேகமாக அடித்தாலும் பிரான்சின் மின்சாரம் வேகமாகத் துடிக்குமா? ஓடியது நானில்லை. அன்று அவன் பற்றரியில் ஓடவிட்டுப் பதிந்த ரேப் றெக்கோடர் மெதுவாகியிருக்கிறது. மெதுவாக ஓடும் நாடாவில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாமே விரைந்துதான் கேட்கும், சுருதியும் ஏறும். ரீங்காரம் எங்கும் ஐம்பதில் நிற்கும்படி கணினியில் இழுத்துத் திருத்தினேன். என் அடி முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருந்தது. இரண்டு தரம் கேட்டேன். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ரூ லூயி-பிளாங்க் தெருவில் கிற்றார்காரனுக்குத் தொலைபேசிக் கடை. இரண்டு பெண்கள் திரைக்கண்ணாடி ஒட்டக் காத்துநின்றார்கள்.

“மச்சான், பொங்கலுக்குப் பதியேக்கை றெக்கோடருக்குப் பற்றரி எங்கையிருந்து எடுத்தனீ?” என்று கேட்டேன்.

அவன் யோசிக்கவே இல்லை. “புதுசு ஆர் வாங்கினது? முடிஞ்சதுகளை ஹீற்றருக்கு மேலை வைச்சுச் சூடாக்கித்தான் போட்டனான். மண்டபத்திலை பிளக் எல்லாம் அம்ப்ளிஃபயருக்கும் தேத்தண்ணிப் பானைக்கும் போயிட்டுதெல்லே.”

போர்க்காலத்தில் ஊரில் பற்றரிக்குத் தடையிருந்தபோது எல்லோரும் செய்ததுதான். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரம் உயிர் வரும். பிறகு படுத்துவிடும். பரிஸில் வெயில் இல்லாததால் ஹீற்றர். சந்திக்குச் சந்தி பற்றரி விற்கிற நகரத்தில்.

நடந்ததை விளக்கினேன். ஐம்பதையும் ஐம்பத்திமூன்றையும் அவன் உடனே பிடித்துக்கொண்டான், முட்டாள் இல்லை. முகம் மாறியது. மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

“அப்ப என்ரை குரலும் அதாலைதான் அப்பிடிக் கேட்டதோ?”

பாடியதும் அவன்தான். கடைசிப் பாட்டில் தான் எட்டிப் பிடித்த உச்சத்தைப் பற்றி இத்தனை வருடமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். என் கைமேல் விழுந்த பழி அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

கடையில் விற்பனைக்கு இருந்த பெரிய ஒலிபெருக்கியோடு என் தொலைபேசியை இணைத்து, திருத்திய கடைசிப் பாட்டைப் போட்டேன். அவன் குரல் கட்டையாக, களைத்து வந்தது. அதன் கீழே என் அடி, நின்று நிதானமாக. அவன் பாட்டை நிறுத்தக் கை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்து மேசையில் வைத்தேன்.

“ஆக்கள் நிக்கினமடா,” என்றான் மெதுவாக.

“அண்டைக்கு ஒத்திகையிலையும் ஆக்கள் நிண்டவை.”

சத்தத்தைக் கூட்டினேன். பெண்களில் ஒருத்தி பிரெஞ்சில் யார் பாடுவது என்று கேட்டாள். அவன் மற்றக் கையால் திரைக்கண்ணாடிப் பெட்டியைத் தேடினான். ட்ரம்ஸ் வாசிப்பது நான் என்று சொல்லிவிட்டு, பாட்டு முடியும்வரை அவன் கையை விடாமல் நின்றேன்.