இரண்டு பஸ்

ஆந்திரா தனியாகப் பிரிந்துபோன மறு வருஷம் குருபரப்பள்ளியிலிருந்து திருப்பதிக்கு ஒரு ஸ்பெஷல் பஸ் விட்டேன். அதற்கு முன்னும் விட்டிருக்கிறேன், பின்னும் விட்டிருக்கிறேன். அந்த ஒரு தடவையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ரோட்டோரத்தில் எங்களுக்கு இட்லிக் கடை. அடுப்பு என் வீட்டுக்காரருடையது, வாய் என்னுடையது. கிருஷ்ணகிரிப் பக்கம் போகிற டிரைவர் எல்லாம் எங்கள் கடையில்தான் வண்டியை நிறுத்துவார்கள். அதனால் எந்த முதலாளியிடம் நல்ல வண்டி இருக்கிறது, எவனுடைய வண்டி மேட்டில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சுற்றுப்பக்க ஊர்க்காரர்கள் வாரச் சந்தைக்குப் போகும்போது என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டுவார்கள். பாதியை வண்டி முதலாளிக்கு முன்பணமாகக் கொடுத்துவிடுவேன். மீதியைத் தொடவே மாட்டேன். வண்டி படுத்துவிட்டால் கூட்டத்தை டவுன் பஸ்ஸில் கிருஷ்ணகிரி, அங்கே வேறு பஸ் மாறி ஜோலார்பேட்டைக்குக் கொண்டுபோய், ரயிலில் காட்பாடி, அங்கே வேறு ரயில் மாறித் திருப்பதி என்று கொண்டு சேர்க்க அந்தப் பணம் வேண்டும். இன்னொரு கயிறு இல்லாமல் நான் கிணற்றில் வாளி விடுகிறவள் இல்லை.

அந்த வருஷம் பஸ்ஸில் பெரும்பாதி இடம் பக்கத்து ஊரில் நாட்டாண்மை செய்கிற பெரியதனக்காரருக்கும் அவருடைய பங்காளி வீடுகளுக்கும் போயிற்று. மீதியில் இரண்டு கடைக்காரக் குடும்பமும், அவருடைய நிலத்தில் நாற்று நடுகிற காலனிக் குடும்பங்கள் ஆறும். அந்த ஆறில் ஒருத்திக்கு ஒரே பெண் குழந்தை. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு தங்கியது. மலையில்தான் முதல் முடி எடுப்பேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். குழந்தைக்கு வயது ஐந்தாகியும் கத்தி படாமல், தலை சிக்குப் பிடித்துப் புண்ணாகிக் கிடந்தது. எல்லோரும் காசு கட்டுவார்கள், அவள் சில வாரம் ராகி கொண்டுவந்து கொட்டுவாள். நான் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

காலனிக்காரர்களும் அதே பஸ்ஸில் வருகிற விஷயம் பெரியதனக்காரர் காதுக்குப் போயிற்று. சந்தை நாளன்று, கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து நின்றார்.

"ஏம்மா, மலைக்குப் போற வண்டியில யாரை ஏத்தறதுன்னு உனக்கு ஒரு முறை இல்லையா? சுத்தபத்தமா விரதம் இருந்து போறவங்க நாங்க."

"பணம் கட்டினவங்களை ஏத்தறேன். கோயிலுக்குள்ளேயே போலாம்னு சட்டம் வந்தாச்சுங்க. என் பஸ்ஸுக்குள்ள வரக்கூடாதா?"

"சட்டம் உன் இட்லியை வாங்கித் தின்னாது. அவங்க ஏறினா எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் ஏறமாட்டாங்க. அப்புறம் வெறும் வண்டியை நீயே ஓட்டிக்கோ."

அவர் வெறுமனே மிரட்டவில்லை. கொடுத்த முன்பணத்தை முதலாளி திருப்பித் தரமாட்டார். பர்மிட்டும் குறிப்பிட்ட ஒரு தேதிக்குத்தான். இப்போது இரண்டு ராஜ்யத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டியிருந்ததால், அதற்கே சேலத்துக்கு நடையாய் நடந்திருந்தோம். பங்காளிகள் விலகினால் யாத்திரையே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி படுத்தால் என்று வைத்திருந்த ரயில் ஏற்பாட்டை அந்த ஆறு குடும்பத்துக்கும் செய்தேன். பஸ் கிளம்புகிற அன்றே புறப்பட்டு மறுநாள் திருப்பதியில் எங்களோடு சேர்ந்துகொள்ள வேண்டியது. குழந்தையின் தாய் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், மத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் புழுதியோடு வந்து டீ கேட்டான். பெரியதனக்காரர் வீட்டுக்கு வழி கேட்டான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, சாவுச் சேதி. அவருடைய பெரியப்பா மகன், நேர் பங்காளி, அன்று மத்தியானம் போய்விட்டாராம். நான் வழி சொல்வதற்குள் பெரியதனக்காரரே வந்துவிட்டார், காலை வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்க. அவனைப் பார்த்ததுமே அவருக்கும் புரிந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கும் முன்னே தோளைப் பிடித்துக் கடைக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். விறகு எடுக்கப் போன நான் கீற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"நீ என்னைப் பாக்கலை. என் ஊட்டுக்கும் வரலை. வழியில காச்சல்னு படுத்துட்டே. நாளைக்குப் பொழுது சாய வந்து சொல்லு. சேதி காதுல விழுந்தாத்தான்டா தீட்டு."

பங்காளி செத்தால் பதினாறு கழிகிற வரை கோயில் வாசலைக்கூட மிதிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். போன ஆடியில் ஒரு கிழவியைத் தீட்டோடு பண்டிகைக்கு வந்தாள் என்று தண்டம் கட்ட வைத்தவர். காலனிப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் போய்விடுகிற சுத்தம், செத்த அண்ணனை மறைத்து மலையேறினால் போகாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு விறகுக் கட்டையையே எடுத்திருப்பேன்.

விடிகாலையில் கடை வாசலில் பஸ் வந்து நின்றது. மஞ்சள் துணியும் கோவிந்தா கோஷமுமாகப் பங்காளிக் குடும்பங்கள் ஏறி உட்கார்ந்தன. காலனிக்காரர்கள் சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் மூட்டைகளோடு டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். முன் சீட்டில் பெரியதனக்காரர், நெற்றி நிறைய நாமம்.

நான் படியில் ஏறி நின்றேன்.

"பெரியதனக்காரரே, மத்தூர்ல உங்க அண்ணன் நேத்து செத்துட்டாரு. சேதி கொண்டாந்தவன் என் கடையிலதான் டீ குடிச்சான். இப்ப எல்லார் காதுலயும் விழுந்துடுச்சு."

வண்டிக்குள் ஒரு பொம்பிளை ஓவென்று அழுதாள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள், மூட்டை, தூக்குச்சட்டி, பிள்ளைகள் எல்லாம். அவருடைய சொந்தத் தம்பியே அவர் முகத்தில் காறித் துப்பாத குறை. அவர் கடைசியாக இறங்கினார்.

"இந்த ரோட்டுல நீ எப்படிக் கடை போடறேன்னு பாக்கறேன்."

"பாருங்க. மொதல்ல தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்து பாருங்க."

"என் பணம்?"

"வண்டி வாடகைக்குப் போச்சு, முதலாளி பெட்டியில. போய் அவர்கிட்ட இதே மீசையை முறுக்குங்க."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு கடைக்காரக் குடும்பம் தவிர வண்டி முழுக்கக் காலி. புளியமரத்தடிக்கு ஓடினேன்.

"எழுந்திரிங்க, எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க. இனிமே எவன் கேக்கறது? ரயிலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஒருவரும் அசையவில்லை. பெரியதனக்காரர் ரோட்டைத் தாண்டி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காலனிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். குழந்தையின் தாய்தான் எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"வேணாங்கக்கா."

"ஏன்டி? சீட்டெல்லாம் காலியா கிடக்கு பாரு. ராகி கொட்டிக் கட்டினியே!"

"நீங்க கடை வெச்சிருக்கீங்க, சண்டை போடறீங்க. நாங்க திரும்பி வந்து அவர் கழனியிலதான் நிக்கணும். அவர் சாவு ஊட்டுல நிக்கும்போது அவர் எடத்துல நாங்க உக்காந்து போனோம்னு வெச்சுக்குங்க, எம் பிள்ளை மொட்டைத் தலையோட வந்து எதைத் திங்கும்?"

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"நீங்க பதில் சொல்லுவீங்க. அடி எங்களுக்கு உழும்."

எனக்கு அவள்மேல் வந்த கோபம் பெரியதனக்காரர்மேல்கூட வந்ததில்லை. போடி, ரயிலிலேயே இடிபட்டுச் சாவு என்று கத்தினேன். காலி வண்டி ஹாரன் அடித்தது. அதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது, ஏற்கெனவே நெரிசலாய். ஆறு குடும்பமும் அதற்குள் நெருக்கியடித்து ஏறின. அவள் குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட்டு, படியில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அந்த ரயில்ல நாங்க யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதுலதான் எம் பிள்ளை காலை நீட்டி உக்காரும்."