மூடியில் இருந்தவர்

அவருக்கு வைத்த பெயர் வேறு. ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவர் 'அழிப்பான்'. பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பாத்திரக்கடை விளம்பரம், கார் விளம்பரம் என்று பளபளக்கிற பொருள்களின் படங்களையே திருத்தியவர். "வீட்டுல தின்ன தட்டைக் கழுவ மாட்டாரு, அங்க போயி ஊரான் வீட்டுக் குக்கரைப் பளபளன்னு தேய்ப்பாரு" என்பது அவர் மனைவியின் தீர்ப்பு. அதில் பொய் எதுவும் இல்லை.

பளபளக்கிற பொருளைப் படம் எடுத்தால் எடுத்தவனின் உருவமும் அதில் விழும். குக்கரின் வயிற்றில் கேமராவும் கையுமாக ஒருத்தர் நிற்பார். முதலில் அந்த ஆளைத் துரத்து, பிறகு மற்றதைப் பார் என்பதுதான் அழிப்பானின் தொழில் தர்மம். கைக்கே அது பழகிவிட்டது.

ஒருநாள் காலையில், வயதான ஒரு அம்மா போனோடு வந்தார். படத்தில் அவருடைய மகள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிக்கிறாள். முன்னால் திறந்து வைத்த லேப்டாப். கறுப்பாக, கண்ணாடி மாதிரி மின்னும் அதன் மூடி நம்மைப் பார்க்கிறது. மூடியின் நடுவில் ஆபீஸ் நம்பர் எழுதிய வெள்ளை டேப்.

"முதல் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எடுத்தது தம்பி. அந்த மூடில இருக்கிறதை எடுத்துடுங்க. பெருசாப் போட்டு மாட்டணும்."

"சாயங்காலம் வாங்கம்மா."

டேப்பை எடுப்பது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை. பக்கத்தில் இருப்பதை நகலெடுத்து ஒட்டினால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் மூடியில் சாய்வாக விழுந்து, மேலே வெளுத்துக் கீழே கறுத்துக்கொண்டே போனது. அந்த வெளிச்சத்தை டேப் இருந்த இடத்திலும் விட்டுப்போகாமல் வரைந்து, படத்தின் மற்ற இடங்களில் இருப்பது போலவே அதன்மேல் பொடிப்பொடியாகப் புள்ளி தூவினார். அப்படியே, பழக்கதோஷத்தில், மூடியில் மங்கலாக நின்ற ஆளையும் துடைத்துவிட்டார். மூடி புதுசாக மின்னியது. அவருக்குத் தன் கையை நினைத்து ஒரே பெருமை.

சாயங்காலம் அந்த அம்மா வந்து திரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எங்க தம்பி அவரு?"

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர். அவர்தான் அதை எடுத்தாரு. போன வருஷம் போயிட்டாரு. எல்லா போட்டோவையும் அவரே எடுப்பாரு, ஒண்ணுலயும் இருக்க மாட்டாரு. மகளும் அவரும் சேந்து உருப்படியா இருக்கிறது இந்த ஒரு படம்தான். அதுலயும் அந்தப் பாழாப்போன டேப் மூஞ்சில ஒட்டிக்கிட்டு இருக்குன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

நல்லவேளை, மூலப்படம் பத்திரமாக இருந்தது. அழிப்பான் அதைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினார். நெஞ்சருகே போனைப் பிடித்து, அதற்கு மேலாக மகளைப் பார்க்கிற ஒரு மனிதர். நெற்றி உண்டு, கண் உண்டு. மூக்குக்குக் கீழே டேப்.

"இதை எடுத்தா முழு முகம் தெரியும்ல?"

"தெரியாதும்மா. டேப் இருந்த இடத்துல மூடி எதையும் காட்டல. அங்க நான் ஒரு வாயை வரையலாம். ஆனா அது என் கற்பனை. அவர் வாயா இருக்காது." பிறகு அழிப்பானுக்கு ஏதோ தோன்றியது. "அன்னிக்கு வேற படம் எடுத்தாரா?"

"இன்னொண்ணு இருக்கு. அதுல இவ கண்ணை மூடிட்டா. அவர் எதையும் அழிக்க மாட்டாரு."

"புண்ணியவான்மா அவரு!"

இரண்டாவது படத்தில் அவர் ஓரடி தள்ளி நின்றிருந்தார். டேப் மூடியோடு இருந்த இடத்திலேயே இருக்க, அவர் பிம்பம் மட்டும் அவரோடு நகர்ந்துவிட்டது. இப்போது டேப் தோளில். முகம் முழுசாக வெளியே. அழிப்பான் அந்தக் கீழ்ப்பாதியை எடுத்து முதல் படத்தின் கண்களுக்குக் கீழே பொருத்தி, வெளிச்சத்தையும் மங்கலையும் சரிக்கட்டினார். அந்த அம்மா நாற்காலியை விட்டு எழவே இல்லை.

மகளைச் சிரிக்கவைக்க, முப்பத்திரண்டும் தெரிய இளித்துக்கொண்டிருந்தார் மனிதர். முப்பத்தொன்று என்று சொல்ல வேண்டும். முன்பல் ஒன்று இல்லை.

"ஐயோ, இவரைப் பாரேன்!" அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கட்டிக்கிட்ட நாள்லேருந்து யாராவது போட்டோ எடுக்க வந்தா வாயை இறுக்கி மூடிக்கிட்டு நகந்துடுவாரு. அந்த ஓட்டையை நினைச்சு வெக்கம்."

சும்மா இருக்குமா பழகின கை? மவுஸ் அந்த இடைவெளியின் மேல் போய் நின்றது. "ஒரு நிமிஷம்தான்மா, அந்தப் பல்லை மட்டும் அடைச்சு..."

"கையை எடு தம்பி," என்றார் அந்த அம்மா. "இன்னொரு தடவை என் புருஷனை அழிச்சிராத."