பதினேழாம் நம்பர் டிரைவரின் உள்ளங்கை

மையக்காவின் ஆள்காட்டி விரல் நகத்துக்கு அடியில் எப்போதும் ஒரு கறுப்புப் பிறை இருக்கும். எலுமிச்சை தேய்த்துப் பார்த்தாள், சலவை சோப்பு போட்டுப் பார்த்தாள், அமாவாசைக்குக்கூட அது தேயவில்லை. அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் அழைப்பிதழும் ரசீதுப் புத்தகமும் அடித்த விரல் அது. அவள் கைபட்ட வெள்ளைச் சுவர்களைப் பார்த்தே அந்தத் தெருப் பிள்ளைகள் ஐந்து வரை எண்ணக் கற்றுக்கொண்டார்கள் என்பார்கள். அதில் பாதிதான் பொய்.

கைரேகைக்கு அவள் வந்ததும் மை வழியாகத்தான். ஒருநாள் அச்சக முதலாளி யாரையோ திட்டிக்கொண்டே மை தடவிய பலகையில் கையை ஊன்றினார். திட்டு முடியாததால் அடுத்து அதே கையை ஒரு வெள்ளைத் தாளில் ஊன்றினார். தாளை எடுத்துப் பார்த்த மையக்கா வேலையை மறந்து நின்றுவிட்டாள். கறுப்பு நிலத்தில் வெள்ளை வாய்க்கால்களாக ரேகைகள். வாய்க்கால்களுக்கு நடுவே உழுத வயல்போலத் தோலின் நெளிவரிகள். முதலாளி முகத்தில் அவள் என்றைக்கும் பார்த்திராத நுட்பமெல்லாம் அவர் கையில் இருந்தது. அன்றிலிருந்து புத்தகம் வாங்கிப் படித்தாள், அகப்பட்டவர் கையையெல்லாம் பதித்தாள். வேலையை விட்டு வந்தபோது பிரிவுப் பரிசாக ஒரு ரப்பர் உருளையைக் கேட்டு வாங்கி வந்தாள்.

சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் மாடியறைதான் அவள் தொழில் செய்யும் இடம். ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு கண்ணாடித் தகடு, உருளை, தண்ணீரில் கரையும் மை, நாலாக மடித்த துண்டு, ஒரு பூதக்கண்ணாடி. அலமாரியில் ஊரில் பாதிப் பேரின் கை தேதியோடு அடுக்கிக் கிடந்தது. நெளிவரி பிறந்தது முதல் மாறாது, சின்ன ரேகைகள் வரும் போகும் என்பதை ஒரே ஆளின் பத்து வருஷப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் கை வைத்தவள் மருமகள். செல்போன் கடையில் வேலை அவளுக்கு.

"அத்தை, வர்றவங்க கையில மையைப் பூசி அனுப்புறீங்களே, பாவம், பஸ்ல யார் சட்டையில தடவுவாங்க அவங்க? ஒரு போட்டோ எடுத்தா வேலை முடிஞ்சுது. விரலால இழுத்தா எவ்வளவு வேணும்னாலும் பெருசாகும்."

"மை மாதிரி வருமாடி?"

"என் போன்ல எடுத்துப் பாருங்க. உங்க முகமே எனக்கு அக்கா மாதிரி வரும்."

அந்த வாரம் மைக்குழாயும் தீர்ந்திருந்தது. மையக்கா சரி என்றாள். மருமகளின் பழைய போன் ஒன்று மேஜைக்கு வந்து சேர்ந்தது.

அதில் விழுந்த முதல் கை பதினேழாம் நம்பர் டிரைவருடையது. ஊர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பத்தொன்பது வருஷமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியதால் அவரும் பதினேழாம் நம்பர் ஆகிவிட்டார். ஆறடி ஆள். அவர் ஹாரன் அடித்தால் தெருமுனைக் கடைக்காரர் கொட்டாவியைப் பாதியில் மூடிக்கொள்வார். சும்மா பார்த்துவைக்கலாமே என்றுதான் வந்திருந்தார். மையக்கா வலது கையைப் படம் எடுத்தாள், இழுத்துப் பெரிதாக்கினாள். கட்டைவிரல் மேட்டைச் சுற்றி வரும் ஆயுள் ரேகை பாதி வழியில் கத்தரித்ததுபோல் நின்று, நெல்மணி அளவு வெறும் தோல் விட்டு, மறுபடி தொடங்கியது.

"நாப்பத்தெட்டு வயசுக்கிட்ட ஒரு வெட்டு இருக்கு தம்பி. கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க," என்றாள்.

அவருக்கு நாற்பத்தெட்டு பிறக்க ஐந்து வாரம் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தாள் அவர் மனைவி.

"நல்லா இருங்க அக்கா. ரொம்ப நல்லா இருங்க. பஸ் ஓட்டுற மனுஷனை வீட்டுல கட்டிப்போட்டுட்டீங்க. பன்னெண்டு நாளா லீவு. குளிக்கும்போது உக்காந்துதான் குளிக்கிறாரு. ஃபேனுக்கு நேரா படுக்க மாட்டேங்கிறாரு. நேத்து நகம் வெட்டச் சொன்னா, கத்தரிக்கோல் வேணாம், தானா உடையட்டும்ங்கிறாரு!"

"அவர் எங்கே இப்போ?"

"கீழ நிக்கிறாரு. உங்க படியில பதினாறு படி இருக்காம். கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்காம்."

மையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த வார்த்தையில் அது வயிற்றுக்குள் இறங்கிவிட்டது.

"திங்கட்கிழமை வண்டி எடுக்கலைன்னா ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டு இவரை டிப்போவுல டயர் எண்ண உட்கார வைப்பாங்க. எழுத்துல வந்திடுச்சு. வண்டி ஓட்டாட்டி அந்த மனுஷன் மனுஷனாவே இருக்க மாட்டாரு அக்கா. நீங்க போட்ட முடிச்சு, நீங்களே அவிழுங்க."

மையக்காவுக்கு முதலில் வந்தது வீம்பு. பார்த்ததைத்தானே சொன்னேன்? போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கினாள். வெட்டு அங்கேயேதான் இருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படத்தில் இருந்த கையில் நெளிவரியே இல்லை. விரல் நுனியில்கூட ஒரு சுழி இல்லை. பத்தொன்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை, கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையின் கைபோல வழுவழுவென்று இருந்தது.

மருமகளுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி, இந்தப் போன்ல தோலெல்லாம் எங்கே போச்சு?"

"அது தானாவே அழகாக்கும் அத்தை. சுருக்கம், கோடு, தழும்பு எல்லாத்தையும் துடைச்சிடும். சொன்னேனே, அக்கா மாதிரி வரும்னு."

"கோட்டைத் துடைச்சிடுமா! கோட்டைப் படிச்சுத்தாண்டி நான் சோறு திங்கிறேன்!"

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "தம்பி, மேல வாங்க! விழுந்தா நான் பொறுப்பு!"

புது மைக்குழாய் வாங்கிவர டிரைவரின் மனைவியே ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் டிரைவர் படியேறி முடித்திருந்தார்.

சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்கச் சொன்னாள் மையக்கா. எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் மை ஒட்டாது. தகட்டில் பட்டாணி அளவு மையைப் பிதுக்கி உருளையால் மேலும் கீழும் தேய்த்தாள். மை மெல்லிசாகப் பரவி, உருளையிலிருந்து சர்சர் என்று ஒரு பிசுபிசுப்புச் சத்தம் வரும்வரை தேய்த்தாள். மை கனத்தால் சின்ன வாய்க்கால்கள் தூர்ந்துபோகும். பிறகு மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அவர் கையில் உருட்டினாள். ஆறடி ஆள் கூச்சத்தில் நெளிந்து ஹிஹி என்றார். பன்னிரண்டு நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி பின்னால் சொன்னாள்.

துண்டின்மேல் தாள், தாளின்மேல் கை. புறங்கையை மெல்ல அழுத்தினாள், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கையைச் சுற்றிக் கோடு போட்டாள், தாளைப் பிடித்துக்கொண்டு கையை உரித்தெடுத்தாள்.

தாளைப் பார்த்த டிரைவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளங்கை நடுவே ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. சரியாக அந்த வெட்டு இருந்த இடம்.

"போட்டோவுல கொஞ்சம்தான் காணோம். இதுல மொத்தமா காணோமே அக்கா!"

"பயப்படாதீங்க. அது உள்ளங்கைக் குழி. குழி தாளைத் தொடலை, மை ஒட்டலை, அவ்வளவுதான். வெள்ளையா இருக்கிறதெல்லாம் ரேகை ஆயிடுமா?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஓர் உருண்டைக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, அதைச் சுற்றிப் புதுத் தாளைப் பிடித்தாள். கைக்கு மறுபடி மை உருட்டி, மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனிவரை பாட்டிலின்மேல் அவர் கையை நகர்த்தினாள். பாட்டில் உருள உருளக் குழிக்குள்ளும் தாள் ஏறி இறங்கியது.

இந்தத் தடவை முழுக் கையும் விழுந்தது. தாளை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியை வைத்தாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள், அது மட்டும் கேட்டது.

ஆயுள் ரேகை இறங்கி வந்தது. வெட்டு இடத்தில் மங்கியது. அங்கே ஒரு வெள்ளைக் கீறல் சாய்வாகக் குறுக்கே போனது. அதன் இரு பக்கத்திலும் நெளிவரிகள் ஒன்றோடொன்று சேராமல், சரியாகத் தைக்காத சட்டையின் கோடுகள்போல் தப்பித் தப்பி நின்றன. பிறவி ரேகை ஓடும் இடத்தில் வரிகள் அப்படிச் சிதறாது.

"இந்த இடத்துல எப்பவாவது வெட்டுப்பட்டீங்களா?"

"இல்லியே..."

"எப்படி இல்ல?" என்றாள் மனைவி. "முன்கண்ணாடி ஒடஞ்சப்போ கையால பொறுக்கிட்டு வந்து நின்னீங்களே! மூணு தையல். நான்தானே கட்டுப் பிரிச்சேன்?"

"அட, ஆமா. அது பதினோரு வருஷம் ஆச்சே."

மையக்கா இன்னும் குனிந்தாள். கட்டைவிரல் பக்கமாக, தலைமயிரைவிட மெல்லிசாக ஒரு கோடு. தழும்புக்கு மேலேயே தொடங்கி, அதைத் தாண்டி, கீழே போய் ஆயுள் ரேகையோடு ஒட்டி ஓடியது. இதைத்தான் அந்த மினுக்குப் போன் முழுசாகத் துடைத்திருந்தது. வெறுங்கண்ணுக்கும் தெரியாது. காய்த்துப்போன அந்தத் தோலில் மைதான் அதைக் கண்டுபிடித்தது.

நிமிர்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒருமுறையும் வராத சொல் ஒன்று இருந்தது.

"தப்பு என்னோடது தம்பி. உங்க கையில ரேகை வெட்டு இல்லை. அது தழும்பு. எங்க கணக்குல தழும்பு ரேகை ஆகாது. பக்கத்துலயே துணை ரேகை ஒண்ணு விடாம ஓடுது. நான் படத்தைப் பாத்தேன், கையைப் பாக்கலை."

டிரைவர் சமாதானமாகவில்லை. "இவ வந்து சண்டை போட்டதால மாத்திச் சொல்றீங்களோ?"

மையக்கா பூதக்கண்ணாடியை அவர் மனைவியிடம் நீட்டினாள். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். விரலால் தொடப்போனாள், மையக்கா தட்டிவிட்டாள்.

"தோ ஓடுதுங்க! நூல் மாதிரி ஓடுது! நீங்களே வந்து பாருங்க, பெரிய மனுஷா!"

டிரைவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் வயிற்றுப்பாட்டுக்கான ரூட் மேப்பைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். பிறகு கறுத்த கையை இடுப்பில் வைத்தார். வெள்ளைச் சட்டை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"சரி. ஒரே ஒரு கண்டிஷன். திங்கட்கிழமை முதல் டிரிப்ல என் பின்னாடி முதல் சீட்டுல நீங்க உட்காரணும்."

மையக்காவுக்குப் பகீரென்றது. பதினேழாம் நம்பரில் அவள் ஏறி ஒன்பது வருஷம் ஆயிற்று. அவர் வளைவில் திருப்பும் வேகத்தில் முன்சீட்டுக்காரியின் தோடு பின்சீட்டுக்காரி மடியில் விழும் என்று ஊருக்கே அவள்தான் சொல்லி வைத்திருந்தாள்.

"வர்றேன்," என்றாள்.

அன்று மாலை மருமகள் வந்தபோது போன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது.

"வேணாமா அத்தை?"

"வேணும். அந்த அழகு பண்றதை நிறுத்திட்டுக் குடு. உள்ளங்கைச் சிவப்பும் வெளுப்பும் மையில தெரியாது, அதுக்குப் படம் வேணும். கோட்டுக்கு மைதான்."

திங்கட்கிழமை காலை அவள் ஏறும்போதே கண்டக்டர் வழிவிட்டார். முதல் சீட்டில் உட்கார்ந்து முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். டிரைவர் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். சாவியைத் திருகினார். ஹாரன் அடித்தார். தெருமுனைக் கடைக்காரரின் கொட்டாவி பாதியில் மூடியது.

முதல் வளைவு வந்தது. மையக்கா கண்ணை இறுக மூடினாள். பஸ் குழந்தையைத் தொட்டிலில் திருப்புவதுபோல் மெல்லத் திரும்பியது. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். இரண்டாம் வளைவிலும் அப்படியே. பின்னாலிருந்து யாரோ, "என்னய்யா, மாட்டுவண்டியா ஓட்டுறே?" என்றார்கள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன் தம்பி," என்றாள் மையக்கா.

சொன்னதற்காக மூன்றாம் வளைவில் அவள் வருந்தினாள். ஆனால் தோடு விழவில்லை.