பேராச்சியின் சொந்த விலாசம்

தாராவியில் அந்தச் சந்துக்கு எந்தப் பார்சல் வந்தாலும் விலாசம் ஒன்றுதான்: சொரிமுத்து மளிகைக் கடை. போன் நம்பரும் அவருடையதே. உள்ளே நுழைந்தால் வழி தெரியாது என்று கூரியர்க்காரர்கள் கடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். தோல் பட்டறையில் பர்ஸ் தைக்கும் பேராச்சிக்கும் இருபது வருஷமாக அதுவே பழக்கம்.

மகள் கீதாவின் ஒரிஜினல் சர்டிபிகேட்கள் திருநெல்வேலியிலிருந்து அதே விலாசத்துக்குத்தான் கிளம்பின. வெள்ளிக்கிழமை செம்பூர் ஆஸ்பத்திரியில் அவற்றைக் காட்டாவிட்டால் நர்ஸ் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். புதன்கிழமை போய்ப் பார்த்தால் கடைக்குப் பூட்டு! மனுஷர் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்.

பேராச்சி நேரே மாஹிமில் இருந்த கூரியர் ஆபீசுக்குப் போய் நின்றாள். டெலிவரிகளைப் பிரித்து அனுப்பும் தப்ரேஸும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான்; கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினார். பார்சல் பிவண்டி கிடங்கில் இருந்தது. நாளைக் காலை டெலிவரிக்குக் கிளம்பும்.

"கடை பூட்டிக் கெடக்கு தம்பி. என் வீட்டுக்கு மாத்துங்க."

"அவர் வார வரைக்கும் நிறுத்தி வைக்கேன்க்கா. திங்கக்கிழமைக்குத் தேதி மாத்திரலாம்."

"திங்கக்கிழமை வந்து எனக்கு என்ன பிரயோசனம்? வெள்ளிக்கிழமை எம்மவளுக்கு வேலை!"

தப்ரேஸ் தலையைச் சொறிந்தார். "அதே பின்கோடுதான், மாத்தலாம். ஆனா ஓடிபி பார்சல்ல உள்ள நம்பருக்குத்தான் போகும். காலையில வண்டி கிளம்பிட்டா மாத்த முடியாது. அதுவுமில்லாம, உங்க சந்துக்குள்ள எங்க ஆளுக வரமாட்டாவ."

அவ்வளவுதான், பேராச்சிக்கு வந்ததே ஆத்திரம்! பையிலிருந்து கரண்ட் பில்லை எடுத்து மேஜையில் அறைந்தாள்.

"கரண்ட்டுக்காரன் மாசாமாசம் வாரான். ஓட்டுக் கேக்கவன் வாரான். ஒங்க ஆளுக்கு மட்டும் காலு வலிக்குமோ? ரூம் நம்பர் இதுல இருக்கு, எழுதுங்க!"

சொரிமுத்துவுக்கு ஏழு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். எட்டாவது தடவை மேளச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

"அண்ணாச்சி, ஒரு நம்பர் வரும். அதை வாசிங்க. மேளத்தை விட்டுத் தள்ளி வாங்க!"

அவர் வாசிக்க வாசிக்க இவள் கத்த, தப்ரேஸ் தட்டினார். விலாசம் மாறியது. போன் நம்பரையும் தன்னுடையதாக மாற்ற வைத்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கூரியர்க்காரர் போனில் இந்தியில் கூப்பிட்டார்: கடைப் பக்கம் நிற்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கீதா செருப்பைத் தேடினாள். பேராச்சி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கடைக்கு யாரும் வரமாட்டோம்," என்று இந்தியிலேயே சொன்னாள். "விலாசத்தைப் படி. அங்கே கொண்டு வா."

கால் மணி நேரம் கழித்து, அவர்கள் மாடி ரூமுக்கு ஏறும் இரும்பு ஏணி அதிர்ந்தது. வியர்த்து வழிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"பேராச்சி யார்?"

"நான்தான்," என்று கையெழுத்துப் போட எழுந்தாள் அவள்.