“மேலும்” என்பதற்கு மேலே மூன்று வரி

ஹேக்கத்தானில் ஜெயித்தோம் என்று பதிவு போடுவதற்கு, ஜெயிப்பதற்குப் போட்டதைவிடப் பெரிய சண்டை போட்டோம்.

நாங்கள் மூன்று பேர். நான் தாராவி. இன்னொருத்தி மான்குர்த். மூன்றாமவன் மாட்டுங்கா. மேடையில் முதல் பரிசு எங்களுக்கு என்று சொன்னபோது மான்குர்த்காரி அங்கே இல்லை. முகம் கழுவப் போனதாகப் பிறகு சொன்னாள். பொய். போட்டோவில் நிற்கக் கூசித்தான் போனாள்.

அவள் எழுதிய கோடிங் டெமோவில் ஒரு வரிகூட இல்லை. தூக்கச் சொன்னவள் நான்.

முப்பத்தாறு மணி நேரப் போட்டி. தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் செயலி செய்வதாகத்தான் ஆரம்பித்தோம். அவள் வீட்டைச் சுற்றியுள்ள மூன்று சந்துகளில் தண்ணீர் வந்த நேரத்தை இரண்டு மாதம் நோட்டில் குறித்திருந்தாள். கண் மூடாமல் அதை வைத்துக் கணிப்பு மாடலைப் பழக்கினாள். கடைசி வாரக் கணக்கை மாடலுக்குக் காட்டாமல் ஒதுக்கிவைத்து, அதை வைத்தே சோதித்தாள். கணிப்பு நாற்பது நிமிடம் வரை தப்பியது. அதை மறைக்காமல் எங்கள் மென்டரிடம் காட்டினாள். எங்களுக்கு வழிகாட்ட வந்த அந்த மென்டர் செம்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வேலைக்குப் போறவங்க நாப்பது நிமிஷம் வாளியோட நிப்பாங்களா?”

“தூக்கிப் போடுட்டி” என்றேன். இதமாகச் சொல்ல எனக்கு வராது.

அவள் அழவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நேரம் மாறுது. வரிசை மாறலட்டி. முத சந்துல வந்தா கால் மணி நேரத்துல கடைசி சந்துக்கு வந்துருது.”

அதுதான் ஜெயித்தது. முதல் குழாயில் நிற்பவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மற்ற சந்துகளுக்கு மெசேஜ் போகும். மெசேஜ் அனுப்பும் பகுதியை மாட்டுங்காக்காரன் எழுதினான். நடுவர்கள் முன் நான் பேசினேன். அவள் போன் நம்பர்களை ஏற்றி, விடாமல் கால் போட்டுச் சோதித்தாள்.

மறுநாள் மதியம் கல்லூரி கேன்டீனில் பதிவை எழுத உட்கார்ந்தோம். வேலை தேடும் இணையதளங்களில் பதிவின் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும். மிச்சம் “மேலும்” என்பதை அழுத்தினால்தான். முக்கால்வாசிப் பேர் அழுத்த மாட்டார்கள். மாட்டுங்காக்காரன் முதல் வரியிலேயே “எங்கள் ஏஐ செயலி” என்று தட்டியிருந்தான்.

“அதுல ஏஐ எங்கல இருக்கு?” என்றேன்.

“அரே, அந்த வார்த்தை இல்லேன்னா யாரு படிப்பா? ஏஐ அவ மாடல்தானே, அவளுக்கும் கிரெடிட் கொடுத்த மாதிரி ஆச்சு.”

மான்குர்த்காரி தட்டைத் தள்ளிவைத்தாள். “எனக்கு எதுக்குல பிச்ச போடுத? என் மாடல் ஓடல. பேரப் போடாதீங்க. அடுத்த சுத்து ஃபார்ம்லயும் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் போங்க.”

அடுத்த சுற்று என்பது அதே சந்துகளில் நான்கு மாதம் ஓட்டிப் பார்ப்பது. அவள் இல்லாமல் அந்தச் சந்துகளில் எங்களை யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி அவளை இழுக்க எனக்கு அசிங்கமாக இருந்தது. போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்தேன். ஆங்கிலத்தில் நான் எழுதிய முதல் மூன்று வரி இதுதான்:

“முதல் பரிசு கிடைத்தது. நாங்கள் முதலில் செய்த கணிப்பு தப்பு. அதைச் சோதித்துத் தப்பென்று காட்டியவளும், அதே நோட்டிலிருந்து சரியான வழியைக் கண்டவளும் எங்கள் அணியின் இவள்.”

“இவள்” என்ற இடத்தில் அவள் பெயரை டேக் செய்தேன். அதற்குக் கீழேதான் மற்றவை. தூங்காமல் மெசேஜை ஓடவைத்தவன் அவன். பேசியது நான். அக்காவுக்கு ஒரு பத்தி. அந்தப் பத்தியை அனுப்பி, டேக் செய்யச் சம்மதமா என்று அக்காவிடம் கேட்டோம். உடனே பதில் வந்தது: “வழிகாட்டும் ஒளின்னு போட்டிருக்கீங்க, நான் என்ன டியூப்லைட்டா? ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்விய மட்டும் போடுங்க.”

மாட்டுங்காக்காரன் சிரித்தான். பிறகு முதல் வரியை மறுபடி படித்துவிட்டுச் சொன்னான்: “ஏஐ இல்லாட்டா போறது. இது நன்னாத்தான் இருக்கு.”

மான்குர்த்காரி படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். மூன்று வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு கேட்டாள்: “எழுதலாமா ஒரு வரி?”

“உன் பதிவுதான.”

எங்கள் பெயர்களுக்குக் கீழே தட்டினாள்: “நான் கல்லூரியில் இருந்த நேரமெல்லாம் குழாயடியில் நேரம் குறித்தவர் என் அம்மா.”

இரண்டு மாதமாக எங்களுக்கே அது தெரியாது. நானும் கேட்டதில்லை.

பதிவைப் போட்டோம். அவள் கையை நீட்டினாள். “ஃபார்ம எடுட்டி. நாலு மாசத்துக்கு அம்மா ஒருத்தியால முடியாது. ஒவ்வொரு சந்துலயும் ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் ஊருக்குப் போனா இன்னொருத்தர். அத மொதல்ல எழுது.”

எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல.