இறுதி விடை என்று ஒரு வரி

வீட்டில் அவளைக் கேள்விக்குறி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்தால்கூட எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். வளர்ந்து, கல்லூரியில் மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் விரிவுரையாளர் ஆனாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மிதித்ததோடு நிற்காமல் உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுத வேண்டும். "வேலைக்குப் போனா புத்தகம் பக்கத்துலயேதான் இருக்கும். இருந்தும் தப்பாத்தானே முடிவெடுக்கிறாங்க" என்பாள். பல வருடம் கேட்டுக் கேட்டு, அவள் பாடம் ஒன்றுக்கு மட்டும், அதுவும் சோதனையாக, அனுமதி வந்தது.

தாள் தயாரிக்கும்போது அவளுக்கு ஒரு வழக்கம். ஒரு கேள்வி எழுதியதும் பாடப்புத்தகத்தையும் கேள்வியையும் அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். அண்ணன் பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்குப் பொறுப்பாளர்; பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். எதையும் வரிசையாகத் தேடுகிறவர். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் பார்ப்பார், பக்கத்தைப் புரட்டுவார், விரலை வைப்பார்.

"இந்தா, ரெண்டாவது பத்தி. விடை அப்படியே இருக்கு."

"உனக்கு ஏதாவது புரிஞ்சுதாண்ணா?"

"ஒரு எழுத்தும் புரியல. ஆனா இதுதான் விடை."

"அப்ப இந்தக் கேள்வி வேண்டாம்" என்று சிவப்பு மையால் அடிப்பாள்.

"அடிப்பாவி, சரியா கண்டுபிடிச்சதுக்குப் பரிசு இதுதானா!"

இப்படி அடித்து அடித்துக் கடைசியில் நான்கு கேள்விகள் தேறின. மூன்று மணி நேரத்துக்கு அது போதும். அதிகம் வைத்தால் பிள்ளைகள் யோசிக்காமல் பக்கம் புரட்டியே நேரத்தைத் தொலைப்பார்கள். ஒரு கேள்வியில் யாரோ எழுதிய அறிக்கை இருக்கும். அதில் பிழை எங்கே என்று சொல்ல வேண்டும். இன்னொன்றில் ஒரே விவரத்துக்கு இரண்டு வரைபடங்கள். எது ஏமாற்றுகிறது, ஏன் என்று சொல்ல வேண்டும். எல்லாமே புத்தகத்தில் இல்லாத புது விவரங்கள்.

மூன்றாவது கேள்விதான் அவளுடைய செல்லம். இரண்டு மருத்துவமனைகள், இரண்டிலும் இருநூறு நோயாளிகள். முதலாவதில் இருபது பேர் இறந்தார்கள், இரண்டாவதில் பன்னிரண்டு பேர். இரண்டாவதுதான் நல்லது என்று பத்திரிகை எழுதுகிறது. ஆனால் பிரித்துப் பார்த்தால், முதலாவதில் கடுமையான நோயாளிகள் நூற்றைம்பது பேர், அதில் பத்தொன்பது சாவு. லேசான நோயாளிகள் ஐம்பது பேர், ஒரு சாவு. இரண்டாவதில் கடுமையானவர்கள் நாற்பது பேர், ஆறு சாவு. லேசானவர்கள் நூற்றறுபது பேர், ஆறு சாவு. உங்கள் உறவினரை எங்கே அனுப்புவீர்கள்? காரணம் சொல்லுங்கள்.

அண்ணன் வெகுநேரம் தேடிவிட்டுப் புத்தகத்தை மூடினார். "இது இதுக்குள்ள இல்லம்மா." அவள் முகம் அப்போது மலர்ந்ததுபோல் அதற்குப் பிறகு மலரவில்லை.

விடைக்குறிப்பில் அவள் இறுதி விடை எதுவும் எழுதவில்லை. பிள்ளைகள் எந்த விவரத்தை எடுத்தார்கள், அதிலிருந்து முடிவுக்கு எப்படி வந்தார்கள், அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொன்னார்களா. இந்த மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் பிரித்திருந்தாள். துறைத்தலைவர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை, புகார் என்றால் பயப்படுகிறவர்.

"வெளியூர்க்காரங்க திருத்த வர்றாங்கம்மா. காரணம் நல்லா இருந்தா மார்க் போடுனு சொன்னா, எதைப் பார்த்து டிக் அடிப்பாங்க?"

"மாதிரித் தாள் நாலஞ்சு வச்சு, திருத்தறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் சார். அப்புறம் ஒரே மாதிரி போட்டுடுவாங்க."

"அதுக்கெல்லாம் ஏது நேரம்? இறுதி விடைனு ஒரு வரி எழுதுங்க. இல்லேன்னா பழைய தாளே போகட்டும்."

பழைய தாள் என்றதும் அவள் பேனாவை எடுத்தாள். 'முதல் மருத்துவமனையே சிறந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே காரணத்துக்கான மதிப்பெண் எல்லாம் அப்படியே இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். திருத்தும் அறைச் சுவரில் கணக்குத் தாள்களுக்காக எப்போதோ ஒட்டிய விதி ஒன்று உண்டு: இறுதி விடை தவறானால் விளக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. அந்த அறையில் எத்தனையோ முறை அதன் கீழேயே உட்கார்ந்து திருத்தியவள்தான். கையெழுத்துப் போட்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

முடிவுகள் வந்த பிறகு, கடைசி வருட மாணவி ஒருத்தி தன் விடைத்தாளின் நகலோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. மூன்றாவது கேள்விக்குப் பூஜ்யம்; ஓரத்தில் 'இறுதி விடை தவறு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதனாலேயே தேர்ச்சி போயிற்று.

"நான் எழுதினது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

அவள் வாசித்தாள். பிரித்துப் பார்த்தால் இரு வகையிலும் முதல் மருத்துவமனையே மேல் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டிருந்தாள். அங்கே நிற்கவில்லை. முதலாவதில் லேசான நோயாளி இன்னும் ஒருவர் இறந்திருந்தால் ஐம்பதில் இரண்டு, நான்கு சதவீதம். அது இரண்டாவதைவிட மோசம். இரண்டாவதில் கடுமையான நோயாளி ஒருவர் பிழைத்திருந்தால் நாற்பதில் ஐந்து, பன்னிரண்டரை சதவீதம். அது முதலாவதைவிட மேல். ஒரே ஒரு உயிரில் தலைகீழாகும் முடிவை நம்பி என் உறவினரை எங்கும் அனுப்பமாட்டேன்; இன்னும் சில வருட விவரம் கேட்பேன், என்று முடித்திருந்தாள்.

கடைசிப் பத்தியை இன்னொரு முறை வாசித்தாள். "சரிதான்மா. நானே இவ்வளவு தூரம் யோசிக்கல."

அந்தத் தாளோடு துறைத்தலைவரிடம் போனாள். விடைக்குறிப்பு தவறு, தவறு என்னுடையது என்று எழுதியும் கொடுத்தாள்.

"முதல் மருத்துவமனைனு எழுதி வகுப்புல பாதிப் பேர் மார்க் வாங்கிட்டாங்க. ஒருத்தன், முதல்ல குடுத்திருக்கறதால முதலாவதே சிறந்ததுனு எழுதியிருக்கான். அவனுக்கும் போட்டாச்சு" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "இப்போ குறிப்பை மாத்தினா எல்லாத் தாளையும் திரும்பத் திருத்தணும். தேர்வுத்துறைக்கு அனுப்பிப் பார்க்கறேன். நம்பிக்கை வச்சுக்காதீங்க."

அவர் அனுப்பினார். பதில் இரண்டே வரியில் வந்தது. முடிவுகளில் மாற்றமில்லை. மதிப்பீட்டில் குழப்பம் ஏற்பட்டதால் புத்தகம் திறந்து எழுதும் முறை கைவிடப்படுகிறது. துணைத்தேர்வும் பழைய முறையிலேயே நடக்கும்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். "நீ நல்லதுக்குத்தானே பண்ணின" என்றார். "கையெழுத்து என்னோடதுண்ணா" என்றாள். தங்கையை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போகிறவர் அவர். இதில் சண்டை போட யாரும் அகப்படவில்லை.

மறு வாரம் அந்தப் பெண் பாடப்புத்தகத்தோடு வந்தாள். வேலை துணைத்தேர்வு முடியும்வரை காத்திருக்குமா என்று தெரியாது என்றாள். அழவில்லை.

"எதையெல்லாம் மனப்பாடம் பண்ணணும்னு குறிச்சுக் குடுங்க மேடம்."

அவள் பென்சிலை எடுத்தாள். சராசரி, வரையறு. இறப்பு விகிதம், வரையறு. மாதிரியின் அளவு பற்றிச் சிறுகுறிப்பு வரைக. பக்கம் பக்கமாகக் கோடு போட்டுக்கொண்டே போனாள்.

"புத்தகத்துல இருக்கறதை அப்படியே எழுது. சொந்தமா எதுவும் சேர்க்காதே" என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது.

அந்தப் பெண் தலையாட்டினாள். கிண்டல் ஏதுமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே, கேட்டாள்: "கமா உட்படவா மேடம்?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.