ஹந்தானைக்கு மேல் நின்ற மேகம்

கண்டியில் நான் படம் பிடிக்கும் கடை வைத்திருந்த காலத்தில், மழையளவு எடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் வந்து, வானத்தைப் படம் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். ஆட்கள் இல்லாத படத்துக்கு ஒருவர் கடைக்கு வந்தது அதுவே முதல் தடவை.

மேல்மாடி ஜன்னலிலிருந்து ஹந்தானை மலையைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். மலை வந்தது. மேலே வெறும் வெள்ளை.

"இதிலை வானமே இல்லையே," என்றார் அவர்.

படம் விழும் சாதாரணக் கண்ணாடித் தகட்டுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். வேறு வகைத் தகடு வாங்கி, லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி போட்டு எடுத்தபோது மேகங்கள் வந்தன. அன்றிலிருந்து அந்த ஒரே ஜன்னலிலிருந்து வானத்தை எடுப்பது வழக்கமாயிற்று. எந்தப் படத்துக்குப் பிறகு மழை வந்தது என்பதை வைத்து அவர் மேகங்களைப் பிரித்தார். உயரத்தில் நார் நாராய்க் கிடப்பது சிரஸ். அதிலிருந்து மழை விழாது. அடி தட்டையாய், மேலே கோலிஃபிளவர் போல் திரண்டிருப்பது கியூமுலஸ். சின்னதாய் இருந்தால் பயமில்லை, உயர்ந்துகொண்டே போனால் கவனிக்க வேண்டும்.

என் மனைவியின் தம்பி கட்டுகஸ்தோட்டையில் கொக்கோ வாங்கி உலர்த்தி விற்பவன். நான் சொல்லப்போகும் நாளுக்கு முந்தின வாரந்தான் ஒரு களம் முழுக்கக் காயப்போட்ட கொக்கோ மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது. அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி சொன்னாள். பெருமழைக் காலத்துக்கு முன்பு, காலையில் வெயிலும் பின்னேரம் இடியுமாக இருக்கும் நாட்கள் அவை.

ஒரு மத்தியானம் அவன் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தவன் என் கடைக்குள் ஏறினான். கிளாக்கர் அப்போதுதான் கழுவிய ஈரத் தகடுகள் இரண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். தகட்டில் எல்லாம் தலைகீழ், வெள்ளை மேகம் கறுப்பாகத் தெரியும். முதலாவதில் மேகத்தின் தலை கத்தியால் வெட்டியது போலக் கூராக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்ததில் அதே தலை கலைந்து, நார் விட்டு, பக்கவாட்டில் பரந்திருந்தது.

"தலை ஐஸாய் உறைஞ்சு போச்சு. இனி இது கியூமுலோனிம்பஸ், இடிமழை மேகம். கெதியிலை மழை," என்றார்.

"ஜன்னலால எட்டிப் பார்த்தா தெரியாதா?" என்றான் மச்சான்.

எட்டிப் பார்த்தான். கண் கூசியது. வெள்ளையாக ஏதோ நிற்கிறது என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எனக்கு வேறு கவலை. "இது மேகம் கலங்கினதில்ல. எண்ட போகஸ் கலங்கினதாயிருக்கும்," என்றேன். தொழிலில் அப்படி நடப்பதுண்டு.

கிளாக்கர் தகட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். "மலை உச்சி மரங்களைப் பாருங்கோ."

பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மரங்கள் கிளை கிளையாகக் கூராக இருந்தன. மேகம் மட்டுந்தான் கலங்கியிருந்தது. என் தொழில் தப்பியது. மச்சானின் முகம் வெளுத்தது.

"களத்துல முழுசா காயப் போட்டிருக்கு," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி, வாங்கின சாமானை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

அவன் போய்ச் சற்று நேரத்தில் கண்டியில் இடியோடு கொட்டியது. தெரு வாய்க்காலாக ஓடியது. மச்சான் நேரத்தோடு போய்விட்டான் என்று எனக்கு நிம்மதி.

மறுநாள் அவன் வந்தான்.

"புள்ளைகளையும் பக்கத்து வீட்டாக்களையும் கூப்பிட்டு, கொக்கோப் பாயெல்லாம் சுருட்டி, படங்குச் சீலை போட்டு மூடி முடிச்சோம். ஒரு துளி விழல்ல. பின்னேரம் வரைக்கும் நல்ல வெயில்."

நான் கிளாக்கரைப் பார்த்தேன்.

"மேகம் சரி. தெற்கை, ஹந்தானையிலை நிண்டது. உங்கடை களம் வடக்கை," என்றார். பிறகு, தாம் அதை முந்தினநாளே யோசித்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

சண்டை வரும் என்று நினைத்தேன். மச்சான் தகடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"அப்ப எங்கட பக்கத்துக்கும் ஒரு ஜன்னல் வெட்டுங்க," என்றான்.

என்னுடையது வாடகைக் கடை, சுவரை வெட்ட முடியாது. அதனால் கெமராவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அவன் களத்துக்குப் போனோம். பின்னேரம் வரை வாசலிலிருந்து நான்கு திசையும் எடுத்தேன். கழுவிக் காய்ந்த படங்களை அவன் வீட்டுச் சுவரில் மாட்டி, எது கூரான தலை, எது கலங்கின தலை என்று கிளாக்கர் காட்டிக் கொடுத்தார். என்னிடமிருந்து ஒரு துண்டு மஞ்சள் கண்ணாடியையும் மச்சான் வாங்கிக்கொண்டான். அதன் வழியாகப் பார்த்தால் கண் கூசாது.

அதன் பிறகும் சில நாள் வீணாக மூடினான். ஒரு நாள் கடைசிப் பாயைக் கொட்டிலுக்குள் இழுக்கும்போது மழை அவன் முதுகில் மட்டும் விழுந்ததாம். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான் என்று என் மனைவி சொன்னாள்.